ரிப்போர்ட் வந்த அன்றே கோதுமையை நிறுத்தாதீர்கள்

ரத்தப் பரிசோதனை முடிவு இப்போதெல்லாம் மருத்துவரைச் சேருமுன் நோயாளியின் கைப்பேசிக்கு வந்துவிடுகிறது. அதில் ‘திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் ஐஜிஏ’ என்ற வரிக்கு எதிரே ஓர் எண், பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘அதிகம்’ என்ற குறிப்பு. இணையத்தில் தேடினால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்: சீலியாக் நோய், காரணம் குளூட்டன், குளூட்டன் இருப்பது கோதுமையில். அன்று இரவே சப்பாத்தி மாவு டப்பா அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. மருத்துவரைப் பார்க்க அடுத்த வாரமோ அடுத்த மாதமோதான் நேரம் கிடைத்திருக்கும்.

நல்லெண்ணத்தோடு எடுக்கப்படும் இந்த முடிவுதான் நோயைக் கண்டுபிடிக்கும் வழியை அடைத்துவிடுகிறது. கெடுதல் செய்யும் உணவைத் தெரிந்தே இன்னும் சில வாரம் சாப்பிடச் சொல்வது யாருக்கும் விசித்திரமாகத்தான் படும். ஆனால் அதற்கான காரணம், இந்த நோய் உடலுக்குள் நடக்கும் விதத்திலேயே இருக்கிறது.

குளூட்டன் என்பது கோதுமையில் உள்ள ஒரு புரதத் தொகுப்பு. பார்லியிலும் ரை என்ற தானியத்திலும் அதன் உறவினப் புரதங்கள் இருக்கின்றன. மாவைப் பிசைந்தால் இழுபடுவதும், பரோட்டாவை விசிறி அடித்தாலும் கிழியாமல் இருப்பதும் இந்தப் புரதத்தால்தான். நம் வயிற்றிலும் சிறுகுடலிலும் சுரக்கும் நொதிகளால் குளூட்டனை முழுதாக உடைக்க முடியாது. எல்லோருக்கும் அப்படித்தான். உடையாமல் எஞ்சும் நீளமான துண்டுகளில் கொஞ்சம் சிறுகுடலின் உட்சுவருக்குள் நுழைகின்றன. பெரும்பாலானோருக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை.

குடல் சுவரில் திசு டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்ற நொதி எப்போதும் இருக்கிறது. அது நம் உடலுடைய சொந்தப் பொருள். திசு காயப்பட்டால் புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து ஆற்றுவது அதன் வேலைகளில் ஒன்று. குளூட்டன் துண்டு எதிர்ப்பட்டால் இந்த நொதி அதில் ஒரு சிறிய ரசாயன மாற்றத்தைச் செய்கிறது. எச்எல்ஏ டிகியூ2 அல்லது டிகியூ8 என்ற மரபணு வகையைப் பெற்றவர்களின் நோய் எதிர்ப்புச் செல்களில், அப்படி மாற்றப்பட்ட துண்டு கச்சிதமாகப் பொருந்திக்கொள்கிறது. பொருந்தியதும் டி செல்கள் அதை எதிரி என்று எடுத்துக்கொள்கின்றன. அதோடு நிற்பதில்லை. நொதியும் குளூட்டனும் ஒட்டிக்கொண்ட நிலையில் பிடிபடுவதால், குளூட்டனுக்கு எதிராகக் கிளம்பிய டி செல்களின் உதவியோடு, நொதிக்கு எதிராகவும் ஆன்டிபாடி எனப்படும் எதிர்ப்பொருள் உருவாகிறது. ரத்தத்தில் நாம் அளப்பது இந்த எதிர்ப்பொருளைத்தான். தாக்கப்படும் பொருள் இந்த நொதிதான் என்று பெர்லினில் டெட்லெஃப் ஷூப்பானின் குழு 1997-இல் கண்டுபிடித்தது. அதற்குப் பிறகுதான் எளிய ரத்தப் பரிசோதனை ஒன்று மருத்துவர்கள் கைக்கு வந்தது.

இதில் முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்கள் பல உண்டு. தைராய்டு சுரப்பியைத் தாக்குவது அவற்றில் ஒன்று. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குத் தூண்டுகோல் எது என்று தெரியாது, தெரிந்தாலும் நம்மால் எடுத்துவிட முடியாது. சீலியாக்கில் தூண்டுகோல் எதுவென்று தெரியும், அது தட்டில்தான் இருக்கிறது. குளூட்டன் வந்துகொண்டிருக்கும்வரைதான் டி செல்களுக்கு வேலை. அவை வேலை செய்யும்வரைதான் எதிர்ப்பொருள் உற்பத்தி. குளூட்டனை நிறுத்தினால் உற்பத்தி குறைகிறது, ரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பொருள் வாரக்கணக்கில் மெல்ல வடிகிறது, குடலும் ஆறத் தொடங்குகிறது. சிகிச்சை என்ற அளவில் இது பெரிய வரம். கண்டறிதல் முடியுமுன் நடந்தால் அதுவே இடைஞ்சல். இந்த நோய்க்காகச் செய்யும் ரத்தப் பரிசோதனை, பயாப்ஸி இரண்டுமே குளூட்டனுக்கு உடல் காட்டும் எதிர்வினையைத்தான் பார்க்கின்றன. எதிர்வினை அடங்கிவிட்டால் பார்க்க ஒன்றும் இருக்காது.

சரி, எதிர்ப்பொருள் அதிகம் என்று ஒரு தடவை வந்துவிட்டதே, அது போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் அந்த எண் எவ்வளவு என்பதைப் பொறுத்தது.

ஒவ்வொரு ஆய்வுக்கூடமும் தான் பயன்படுத்தும் பரிசோதனைப் பெட்டிக்கு ஏற்ப இயல்பு எல்லையை அச்சிடுகிறது. ஒரு கூடத்தில் 20 வரை இயல்பு என்றிருக்கும், இன்னொன்றில் 10 வரை, வேறொன்றில் 4 வரை. ஆகவே வெறும் எண்ணைப் பார்த்து ஒருவருக்கு அதிகம், இன்னொருவருக்குக் குறைவு என்று ஒப்பிடக்கூடாது. எல்லையைப் போல எத்தனை மடங்கு என்றுதான் பார்க்க வேண்டும். பத்து மடங்குக்கு மேல் போனால் குடல் சேதம் இருப்பது ஏறக்குறைய உறுதி. எல்லைக்குச் சற்று மேல், ஒன்றிலிருந்து மூன்று மடங்குக்குள் இருந்தால் நிலைமை வேறு. முதல் வகை நீரிழிவு, நாள்பட்ட கல்லீரல் நோய், இதயச் செயலிழப்பு, சில தொற்றுகள் ஆகியவற்றிலும் இந்த எதிர்ப்பொருள் லேசாக உயர்ந்து காணப்படலாம். சிலருக்குச் சில மாதங்களில் தானாகவே இறங்கியும் விடும். அப்படிப்பட்டவருக்கு ஆயுள் முழுக்கக் கோதுமை கூடாது என்று சொல்லிவிட்டால், இல்லாத நோய்க்கு மருந்து கொடுத்தது போலாகும்.

அதனால்தான் பெரியவர்களுக்குப் பெரும்பாலும் எண்டோஸ்கோப்பி செய்து குடலிலிருந்து சதை எடுத்துப் பார்க்கிறார்கள். இரைப்பையைத் தாண்டியதும் வரும் முன்சிறுகுடலின் உட்புறம் பூந்துவாலை போல இருக்கும்; அதன் நூல்கண்ணிகள் மாதிரி லட்சக்கணக்கான குடலுறிஞ்சிகள் நீட்டிக்கொண்டிருக்கும். சீலியாக்கில் அவை மழுங்கித் தட்டையாகிவிடுகின்றன. சேதம் எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்காது, திட்டுத்திட்டாகத்தான் இருக்கும். எனவே ஒரு துண்டு போதாது. முன்சிறுகுடலின் தொடக்கத்தில் ஒன்று அல்லது இரண்டு, அதற்கு அப்பால் குறைந்தது நான்கு என்று துண்டுகள் எடுக்க வேண்டும். நுண்ணோக்கியில் பார்ப்பவர் சேதத்தை மார்ஷ் என்பவரின் பெயரால் வழங்கும் தரவரிசையில் குறிப்பிடுவார். 1 என்றால் உறிஞ்சிகள் நன்றாக இருக்கின்றன, வெள்ளணுக்கள் மட்டும் கூடியிருக்கின்றன. 3 என்றால் உறிஞ்சிகளே தேய்ந்துவிட்டன. மார்ஷ் 1 பல காரணங்களால் வரும். அதை மட்டும் வைத்து சீலியாக் என்று சொல்ல முடியாது. மார்ஷ் 3-உம் எதிர்ப்பொருளும் சேர்ந்து வந்தால் சந்தேகத்துக்கு அதிக இடமில்லை.

குளூட்டனை நிறுத்தியவருக்கு நடப்பது என்னவென்றால், இந்த 3 மெல்ல மெல்ல 1-ஐ நோக்கி நகர்கிறது. பெரியவர்களுக்குக் குடல் முழுதாக ஆற ஆண்டுக்கணக்கில் ஆகலாம் என்பது உண்மைதான். ஆனால் கண்டறிதலைக் குழப்புவதற்கு முழுதாக ஆற வேண்டியதில்லை. நோய் லேசாக இருந்தவருக்குப் பாதி ஆறினாலே போதும்.

இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். நிர்மலா என்று பெயர் வைத்துக்கொள்வோம். ஒரே நோயாளியின் கதையல்ல. இந்த நோயில் வழக்கமாக நடப்பவற்றைக் கோத்து அமைத்தது. வயது 34, கோயம்புத்தூர். மாமனாருக்குச் சர்க்கரை என்பதால் வீட்டில் பல வருடங்களாக இரவில் எல்லோருக்கும் சப்பாத்திதான். நிர்மலாவுக்கு ஹீமோகுளோபின் 8.6. மாதவிடாய்ப் போக்கு அதிகமில்லை. ஒரு வருடமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டும் 9-ஐத் தாண்டவில்லை. அவ்வப்போது வயிறு உப்புசம், வாய்ப்புண். பேதி என்று சொல்லும்படி ஏதுமில்லை. சீலியாக் என்றால் பேதி இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. நாம் சாப்பிடும் இரும்புச்சத்து உறிஞ்சப்படுவது முக்கியமாக முன்சிறுகுடலில். சேதமும் அங்கேதான் முதலில் விழுகிறது. அதனால் மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை மட்டுமே பல பெரியவர்களுக்கு அடையாளமாக இருக்கும். அவளுடைய குடும்ப மருத்துவர் இதை நினைவில் வைத்துப் பரிசோதனை எழுதிக்கொடுத்தது நல்ல மருத்துவம்.

எதிர்ப்பொருள் 64 என்று வந்தது. அந்தக் கூடத்தின் எல்லை 20. மூன்று மடங்கு சொச்சம். இரைப்பை குடல் நிபுணரைப் பார்க்கச் சொன்னார்கள். பிள்ளைகளின் பரீட்சை, நாத்தனார் வீட்டுக் கல்யாணம் என்று எட்டு வாரம் தள்ளிப்போனது. இதற்குள் நிர்மலா கோதுமையை அடியோடு விட்டுவிட்டாள். பத்து நாளில் உப்புசம் போனது. “பாருங்க அத்தை, கோதுமைதான் காரணம்” என்று வீட்டில் சொல்லியும் விட்டாள்.

நிபுணர் மறுபடி ரத்தம் பார்த்தார்: 26. எண்டோஸ்கோப்பியில் ஆறு துண்டுகள் எடுத்தார். முடிவு மார்ஷ் 1. உறிஞ்சிகள் சரியாக இருக்கின்றன, வெள்ளணுக்கள் கொஞ்சம் அதிகம். இப்போது அவர் என்ன சொல்வார்? மூன்று மடங்கு உயர்ந்திருந்த எதிர்ப்பொருள், ஆறிக்கொண்டிருக்கும் சீலியாக்கின் தடயமா? அல்லது தொடக்கத்திலிருந்தே பொய்யான எச்சரிக்கையா? அவர் கையில் இருக்கும் காகிதங்கள் இரண்டு கதைக்கும் பொருந்துகின்றன.

உப்புசம் போனதே என்றால், அதுவும் சான்றாகாது. கோதுமையில் ஃபிரக்டான் என்ற சர்க்கரைப் பொருளும் இருக்கிறது. பெருங்குடலில் அது நொதித்துக் காற்றை உண்டாக்கும். குடல் எரிச்சல் நோய் உள்ளவர்கள் பலருக்குக் கோதுமையை விட்டதும் வயிறு இலேசாவது இதனால்தான். குளூட்டனுக்கும் அதற்கும் தொடர்பே இருக்காது. எனவே ‘விட்டேன், சுகமானது’ என்ற அனுபவம் உண்மையானதாக இருக்கலாம். ஆனால் அது எந்த நோய் என்று சொல்லாது.

மரபணுப் பரிசோதனை உதவுமா? ஓரளவு உதவும். உணவை மாற்றுவதால் மரபணு மாறாது என்பதால், குளூட்டனை நிறுத்தியவர்களுக்கும் செய்யக்கூடிய ஒரே பரிசோதனை இதுதான். டிகியூ2, டிகியூ8 இரண்டுமே இல்லையென்றால் சீலியாக் இல்லை என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். இருந்தால் எதுவும் முடிவாகாது, ஏனென்றால் ஊரில் மூவரில் ஒருவருக்கு இருக்கிறது. நிர்மலாவுக்கும் இருந்தது.

மிச்சமிருந்தது ஒரே வழி: மறுபடி குளூட்டனைச் சாப்பிட்டுவிட்டுப் பரிசோதிப்பது. மருத்துவர்கள் இதைக் குளூட்டன் சோதனை உணவு என்கிறார்கள். எவ்வளவு, எத்தனை நாள் என்பதில் வழிகாட்டுதல்களுக்குள் வித்தியாசம் உண்டு. பிரிட்டனின் வழிகாட்டுதல், பரிசோதனைக்கு முன் தினமும் ஒன்றுக்கு மேற்பட்ட வேளை குளூட்டன் உணவை, குறைந்தது ஆறு வாரம் சாப்பிடச் சொல்கிறது. தாங்க முடியாதவர்களுக்குக் குறைத்தும் செய்யலாம். அமெரிக்காவில் சீலியாக் உள்ள இருபது பேருக்கு இரண்டு வாரம் தினமும் 3 கிராம் அல்லது 7.5 கிராம் குளூட்டன் கொடுத்துப் பார்த்து 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றில் இரண்டு பங்கினருக்குக் குடல் சேதம் திரும்பத் தெரிந்தது. மூன்றில் ஒரு பங்கினருக்குத் தெரியவில்லை என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். அதே ஆய்வில் ரத்தத்தில் எதிர்ப்பொருள் இரண்டு வாரம் முடிந்தபோது அதிகம் ஏறவில்லை. அதற்கு அடுத்த இரண்டு வாரத்தில்தான் நன்றாக ஏறியது. ஆகவே ஒரு வாரம் பரோட்டா சாப்பிட்டுவிட்டு ரத்தம் கொடுப்பதில் பிரயோஜனமில்லை.

நம் சமையலறைக் கணக்கில் சொன்னால், 30 கிராம் ஆட்டாவில் போடும் ஒரு சப்பாத்தியில் சுமார் இரண்டரை கிராம் குளூட்டன் இருக்கும். காலையில் ஒரு கிண்ணம் ரவா உப்புமா, இரவில் இரண்டு சப்பாத்தி என்றால் போதுமான அளவு வந்துவிடும். நிர்மலா எட்டு வாரம் அப்படிச் சாப்பிட்டாள். அவளுக்கு அது எளிதாக இருக்கவில்லை. நிறுத்திவிட்டுத் திரும்பச் சாப்பிடும்போது முன்பு தாங்கிய உடல் இப்போது தாங்குவதில்லை என்று பலர் சொல்வார்கள். வாந்தி, வயிற்றுவலி, உடம்பு அசதி. பாதியில் விட்டுவிடுபவர்கள் உண்டு. எட்டு வாரம் முடிந்து எதிர்ப்பொருள் 58. பயாப்ஸியில் மார்ஷ் 3. சீலியாக் என்று உறுதியானது. முதல் ரிப்போர்ட் வந்தபோது தினமும் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தவளுக்கு அப்போதே ஒரு எண்டோஸ்கோப்பியில் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. ஐந்து மாதமும் இரண்டாவது எண்டோஸ்கோப்பியும் கூடுதல் செலவு. அதுவரை ரத்தசோகைக்குச் சரியான சிகிச்சை தொடங்கவே இல்லை.

கோதுமையை விடுவதுதான் சிகிச்சை என்றால், உறுதி செய்யாமலேயே விட்டுவிட்டால் என்ன நஷ்டம் என்று கேட்பவர்கள் நிறைய. நான் இந்த வாதத்தை ஏற்க மாட்டேன். சீலியாக்குக்கு வேண்டிய விலக்கு, சப்பாத்தியும் பிரெட்டும் சாப்பிடாமல் இருப்பது அல்ல. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் ‘குளூட்டன் இல்லாதது’ என்று அச்சிட அனுமதிக்கும் உச்ச அளவு ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராம். அந்த அளவு கறாராக ஆயுள் முழுக்க இருக்க வேண்டும். கூட்டுப் பெருங்காயத்தில் பல பிராண்டுகளில் மைதா கலக்கிறார்கள். ஆக சாம்பாரும் ரசமும் கணக்கில் வருகின்றன. சோயா சாஸ், மால்ட் பானங்கள், கோதுமை அரைத்த மில்லிலேயே அரைத்த அரிசி மாவு, சப்பாத்தி போட்ட கல்லிலேயே வார்த்த தோசை. கல்யாண வீட்டில் என்ன செய்வது, அலுவலகக் கேன்டீனில் என்ன செய்வது என்று தினமும் யோசிக்க வேண்டும். நோய் உறுதியாகத் தெரிந்தவர்களுக்கே இது கடினம். ‘இருக்கலாம்’ என்ற அளவில் நிற்பவர் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடுவார். உப்புசம் இல்லை, ஆகவே பரவாயில்லை என்று வாரத்துக்கு ஒரு நாள் பூரி சாப்பிடுவார். வலி இல்லாமலேயே குடல் சேதம் தொடரும், எலும்பு தேயும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறொன்று. உறிஞ்சிகள் மழுங்குவதற்கு சீலியாக் மட்டும் காரணமல்ல. வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற நோய் தென்னிந்தியாவில் பல காலமாக அறியப்பட்டது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அதை விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். அதற்கு ஆன்டிபயாட்டிக்கும் ஃபோலிக் அமிலமும் சிகிச்சை. ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி, குடல் காசநோய், ஓல்மிசார்டன் என்ற ரத்த அழுத்த மாத்திரை ஆகியவையும் இதே போன்ற தொந்தரவு தரலாம். பரிசோதனை இல்லாமல் கோதுமையை மட்டும் விட்டுவிட்டு இருப்பவருக்கு இவற்றில் ஒன்று இருந்தால், அது உள்ளேயே வளர்ந்துகொண்டிருக்கும். குடும்பத்தையும் மறக்கக்கூடாது. சீலியாக் உறுதியானவரின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளில் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழெட்டுப் பேருக்கு இந்த நோய் இருக்கும். அவர்களையும் சோதிக்க வேண்டும். உறுதியாகாத ஒன்றுக்காக யாரைச் சோதிக்க முடியும்?

தமிழ்நாட்டு வாசகர்களுக்கென்று தனியாகச் சொல்ல ஒன்று இருக்கிறது. இந்தியாவின் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் செய்த பெரிய ஆய்வு ஒன்று 2016-இல் வெளியானது. வடக்கில் 1.23 சதவீதத்தினருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. தெற்கில் 0.10 சதவீதம் மட்டுமே. மரபணு அளவில் பெரிய வித்தியாசமில்லை. டிகியூ2, டிகியூ8 இரண்டு இடத்திலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல். வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் ஒரு நாளில் சாப்பிடும் கோதுமை சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம்.

இதை ‘நமக்கு இந்த நோய் வராது’ என்று படித்தால் தவறு. கோதுமை கூடக்கூட நிலைமை மாறலாம் என்பதுதான் அதன் பொருள். இரவுச் சப்பாத்தியும் வாரக்கடைசிப் பரோட்டாவும் இன்று எத்தனை வீடுகளில் வழக்கமாகிவிட்டன! பரிசோதனையைப் பொறுத்தவரை இன்னொரு விளைவும் உண்டு. வேண்டுமென்று நிறுத்தாமலேயே, இட்லி, தோசை, சோறு என்று மட்டும் சாப்பிடுபவருக்கு உடலில் எதிர்வினை தெரியும் அளவுக்குக் குளூட்டன் போகாமல் இருக்கலாம். அவருக்கு எதிர்ப்பொருள் இயல்பு என்று வந்தால், நோய் இல்லை என்று அர்த்தமாகாது. ஆகவே ரத்தம் கொடுக்கும் முன்பே கடந்த சில வாரங்களாகக் கோதுமை எவ்வளவு சாப்பிட்டீர்கள் என்று மருத்துவர் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் இவற்றில் குளூட்டன் இல்லை. ரவை, சேமியா, மைதா, சம்பா கோதுமை எல்லாவற்றிலும் இருக்கிறது. ரவை கோதுமைதான் என்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை.

இயல்பு என்று வருவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஐஜிஏ என்பது எதிர்ப்பொருள்களில் ஒரு வகை. சிலருக்கு அந்த வகையே பிறவியிலிருந்து உற்பத்தியாவதில்லை. சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர் அப்படிப்பட்டவர்கள். அவர்களுக்கு எவ்வளவு சேதம் இருந்தாலும் இந்தப் பரிசோதனை எதையும் காட்டாது. அதனால்தான் மொத்த ஐஜிஏ அளவையும் கூடவே பார்ப்பார்கள். அது மிகக் குறைவாக இருந்தால் ஐஜிஜி வகைப் பரிசோதனை ஒன்றைச் செய்வார்கள். அதுவும் குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தால்தான் பலன் தரும்.

குழந்தைகளுக்குச் சற்று வேறு வழி இருக்கிறது. ஐரோப்பாவின் குழந்தைகள் இரைப்பை குடல் நிபுணர் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, எதிர்ப்பொருள் இயல்பு எல்லையைப் போல் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, தனியாக எடுத்த இரண்டாவது ரத்த மாதிரியில் எண்டோமைசியல் எதிர்ப்பொருளும் இருந்தால், பெற்றோரோடு பேசிவிட்டு பயாப்ஸி இல்லாமலேயே முடிவு செய்யலாம். கவனியுங்கள், இந்த வழியும் அந்தப் பத்து மடங்கை நம்பித்தான் இருக்கிறது. இடையில் குளூட்டனை நிறுத்தினால் இரண்டாவது மாதிரியில் அளவு இறங்கி, பயாப்ஸியிலிருந்து தப்பியிருக்க வேண்டிய குழந்தைக்கு பயாப்ஸி தேவைப்பட்டுவிடும். குழந்தைகளுக்கு எதிர்ப்பொருளும் வேகமாக இறங்கும், குடலும் வேகமாக ஆறும். ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் பருவமடையும் வயதில் வளர்ந்துகொண்டிருப்பவர்களுக்கும் குளூட்டனைத் திரும்பக் கொடுத்துச் சோதிப்பதை மருத்துவர்கள் கூடியவரை தவிர்ப்பார்கள், வளர்ச்சி பாதிக்கும் என்பதால். எனவே குழந்தை விஷயத்தில் அவசரப்பட்டு நிறுத்திவிட்டால் திரும்பிப் போகும் வழியும் குறுகிவிடுகிறது.

நிறுத்தக்கூடாது என்பதற்கு விதிவிலக்கு இல்லாமல் இல்லை. கடும் பேதியால் உடலில் நீரும் உப்பும் வற்றி, எடை சரசரவென்று குறைந்து மருத்துவமனையில் சேரும் நிலைக்கு வந்தவருக்குப் பரிசோதனையை உடனே முடித்துவிட்டுக் குளூட்டனை நிறுத்துவார்கள். அப்போது உயிர்தான் முக்கியம். கோதுமை சாப்பிட்ட சில நிமிடங்களில் உதடு வீங்கி, மூச்சுத் திணறினால் அது சீலியாக் அல்ல, கோதுமை ஒவ்வாமை. அவர் சோதனைக்காகக்கூடக் கோதுமையைத் தொடக்கூடாது. இரண்டையும் ஒன்றென்று நினைத்துக் குழப்பிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் குழப்பம் ஆபத்தானது.

மற்றவர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டியது இதுதான். எதிர்ப்பொருள் அதிகம் என்று ரிப்போர்ட் வந்தால் பயப்படாமல் நிபுணரிடம் நேரம் வாங்குங்கள். பயாப்ஸிக்காகக் காத்திருக்கிறேன், கோதுமையை நிறுத்தவில்லை என்று வரவேற்பாளரிடம் சொன்னால் சீக்கிரமே தேதி தர வாய்ப்பிருக்கிறது, கேளுங்கள். அதுவரை தினமும் சாப்பிட்டுவந்தபடியே சாப்பிடுங்கள், கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஏற்கனவே நிறுத்திவிட்டீர்களா? எந்தத் தேதியில் நிறுத்தினீர்கள் என்பதை எழுதிக்கொண்டுபோய் மருத்துவரிடம் காட்டுங்கள். திரும்பச் சாப்பிடலாமா, எவ்வளவு, எத்தனை வாரம் என்பதை அவர் சொல்லட்டும். நிறுத்தி ஒன்றிரண்டு வாரமே ஆகியிருந்தால் பெரும்பாலும் நிலைமை கைமீறிப் போயிருக்காது. பயாப்ஸிக்குத் துண்டுகள் எடுத்து முடித்தபின், போதுமான ரத்தமும் எடுத்தாகிவிட்டது என்று உறுதி செய்துகொண்டு, மருத்துவர் சரி என்றால் அன்று இரவுச் சாப்பாட்டிலிருந்தே கோதுமையை விட்டுவிடலாம்.